பிக்ஷை போடும் வரிசை

கும்பகோணம்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் க்ஷேமம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் வந்து வந்து போகிறது. குழந்தைக்கு வைகாசியில் பூணூல் என்று நீ போனில் சொன்னதிலிருந்து அம்மாவுக்கு வேறு பேச்சே இல்லை. நீ கேட்டதற்கெல்லாம் அன்றைக்கு நான் அரையும் குறையுமாகத்தான் பதில் சொன்னேன். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள், அதனால் சிலது பேச முடியவில்லை. அதனால்தான் கடிதம். அத்திம்பேரிடமும் நம் வாத்தியாரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் வயசு. ஒன்பது நடக்கிறதே, தாமதமாகிவிட்டதோ என்று கேட்டாய். கர்ப்பத்திலிருந்து எண்ணி எட்டாவது வயசு உத்தமம். பிறந்ததிலிருந்து எண்ணினால் ஏழு நடக்கும்போது. அது தவறினால் ஒற்றைப்படையாக ஒன்பதோ பதினொன்றோ பார்க்கிறார்கள். பிராமணப் பிள்ளைக்குப் பதினாறுக்குள் போட்டாக வேண்டும் என்பதுதான் எல்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் ஒப்புக்குப் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்க்கும்போது ஒன்பது நல்ல வயசுதான். மந்திரத்தை வாயில் ஏற்றுகிற வயசு. பதினாலு வயசுப் பையனுக்கு மொட்டை என்றாலே முகம் தொங்கிவிடும்.

அடுத்தது, உன் மாமனாரின் தம்பி ஆஸ்பத்திரியில் இருக்கிறாரே, ஏதாவது ஆகிவிட்டால் பத்து நாள் தீட்டு வந்து முகூர்த்தம் தவறிவிடுமோ என்ற பயம். வாயால் சொல்லக் கூச்சப்பட்டாய். ஆனால் இது எல்லா வீட்டிலும் இருக்கிற கவலைதான், சாஸ்திரத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள். நாந்தி ச்ராத்தம் ஆகிவிட்டால் அந்தக் காரியத்துக்குத் தீட்டு இல்லை. பித்ருக்களைக் கூப்பிட்டு ஆசீர்வாதம் வாங்கி ஆரம்பித்துவிட்ட கர்மா நடுவில் நிற்கக் கூடாது என்பது தாத்பர்யம். இப்போது எல்லோரும் நாந்தியைப் பூணூலன்று காலையிலோ முதல் நாளோ வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதை முன்கூட்டியே செய்யவும் இடம் உண்டு. கல்யாணத்துக்குப் பத்து நாள், பூணூலுக்கு ஆறு நாள், சௌளத்துக்கு மூன்று நாள் என்று கணக்கு இருக்கிறது. உங்கள் வீட்டு நிலைமையில், ஆறு நாளுக்குள் ஒரு நல்ல நாள் பார்த்து நாந்தியை முன்னாலேயே முடித்துவிடலாமா என்று வாத்தியாரைக் கேள். அவராகச் சொல்ல மாட்டார். இரண்டு தடவை வர வேண்டியிருக்குமே! கேட்டால் மறுக்க மாட்டார். நாந்தி ஆகுமுன் தீட்டு வந்தால் மட்டும் வேறு முகூர்த்தம் பார்க்க வேண்டியதுதான்.

இன்னொன்று உன் விஷயம். தாயார் தூரமாக இருந்தால் பூணூல் நடத்துவதில்லை. அவள் மணையில் உட்கார வேண்டும், குமார போஜனத்தில் கூட இருக்க வேண்டும், முதல் பிக்ஷை போட வேண்டும். தேதி தள்ளிப்போக மாத்திரை போடலாமா என்று கேட்டாய். போடுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் அது எதிர்பார்க்கிற நாளுக்குச் சில நாள் முன்பே ஆரம்பிக்க வேண்டிய மாத்திரை. கடைசி நிமிஷத்தில் பக்கத்து வீட்டு மாமி கொடுத்தாள் என்று வாங்கிப் போடாதே. உனக்கு ரத்த அழுத்தம் வேறு இருக்கிறது, டாக்டரைக் கேட்காமல் தொடவே தொடாதே. என்னைக் கேட்டால் மாத்திரையே வேண்டாம். வைகாசியில் முகூர்த்தத்துக்கா பஞ்சம்? ஜோசியரிடம் போகும்போது உன் கணக்கையும் கையில் வைத்துக்கொண்டு, உனக்குத் தோதான பத்து நாளைச் சொல்லி அதற்குள் பார்க்கச் சொல். குரு பலம் பார்க்கிறவர் இதையும் பார்க்கட்டும்.

முதல் நாள் சாயங்காலம் உதகசாந்தி. கும்பத்தில் ஜலம் வைத்து நாலு பக்கமும் வைதிகர்கள் உட்கார்ந்து ஜபம் செய்வார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடைசியில் அந்த ஜலத்தைக் குழந்தை தலையில் விட்டு, கையில் காப்புக் கட்டுவார்கள். பாலிகையும் அன்றைக்கே. அஞ்சு மண் கிண்ணம். நெல், பயறு, உளுந்து, எள், கடுகு எல்லாவற்றையும் அதற்கு முந்தின ராத்திரியே பாலில் ஊறப்போட்டுவிடு. காலையில் போட்டால் கடுகும் எள்ளும் முளைக்காது, பார்க்க மூளியாக இருக்கும். சுமங்கலிகள் ஒற்றைப்படையாக நின்று தெளிப்பது நம் வழக்கம். அதற்கு நான் இருக்கிறேன், உன் நாத்தனார் இருக்கிறாள், ஆள் பஞ்சமில்லை.

பூணூலன்று என்னென்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லப் போவதில்லை, வாத்தியார் நடத்திக்கொள்வார். தடுமாற்றம் எங்கே வரும் என்பதை மட்டும் சொல்கிறேன். முதலில் பூணூலைப் போட்டு, அப்புறம் குமார போஜனம். அது அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிற கடைசிச் சாப்பாடு என்று வைத்திருக்கிறார்கள். பூணூல் போட்ட பிரம்மச்சாரிப் பையன்கள் இரண்டு மூன்று பேரும் கூட உட்கார வேண்டும். என் சின்னவனை அழைத்து வருகிறேன், மீதிக்கு உன் ஆத்துக்காரர் பக்கம் பார். குழந்தையை அப்போதே வயிறாரச் சாப்பிடச் சொல். அதற்கப்புறம் இலை முன்னால் உட்கார மத்தியானம் ஒன்று ஒன்றரை ஆகிவிடும். என் பெரியவன் வெட்கப்பட்டு ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்தான். ஹோமப் புகையில் மயக்கம் வந்து, சித்தப்பா மடியில் சாய்த்து விசிறினோம்.

அதற்குப் பிறகு சௌளம். மூணு வயசில் முறையாகச் செய்யாததால் இப்போது பிராயச்சித்தத்தோடு செய்வார்கள். தர்ப்பையோடு சேர்த்து முதலில் கொஞ்சம் முடியை உன் ஆத்துக்காரர் எடுப்பார், மீதி நாவிதர் கையில். முகூர்த்தம் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நாவிதர் லேட்டாக வருவார், அல்லது குழந்தை அழும், அல்லது ‘நாலு முடி போதும்’, ‘முழுக் குடுமி வைக்க வேண்டும்’ என்று இரண்டு பாட்டிகள் சண்டை போடுவார்கள். இதை முந்தின வாரமே பேசி முடித்துவிடு. ஜூனில்தான் பள்ளிக்கூடம் திறக்கிறது, குடுமி வைத்தால் என்ன குறைந்துவிடும் என்பது என் கட்சி. நாவிதரை ஒரு மணி நேரம் முன்னாலேயே வரச் சொல்லிவிடு.

குளித்து வந்ததும் கௌபீனம் கட்டி நாலு முழம் வேஷ்டி கட்டுவார்கள். யாராவது ஆசையாகக் குட்டிப் பஞ்சகச்சம் வாங்கி வருவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடு. பஞ்சகச்சம் கிருகஸ்தனுக்குத்தான். அதேபோல் ஒரே பூணூல்தான், இரண்டாவது கல்யாணத்தில். கௌபீனம் கட்ட இப்போதே பழக்கிவிடு, சபையில் கூச்சப்பட்டு நிற்க மாட்டான். முந்தைய காலத்தில் அந்த வஸ்திரத்தை அன்றைக்கே நூற்று அன்றைக்கே நெய்ய வேண்டும் என்று ஆபஸ்தம்ப ஸூத்திரத்தில் இருக்கிறது என்று வாத்தியார் சொன்னார். இன்றைக்கு நாம் சலவைக்குப் போகாத புதுசு என்ற அளவில் நிற்கிறோம். இடுப்பில் முஞ்சிப் புல்லால் மூன்று சுற்று, கையில் புரசங் கொம்பு தண்டம். பூணூலில் முடிகிற மான்தோல் துண்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கருப்பு மான் 1972-ஆம் வருஷச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட மிருகம், அதன் தோலை விற்பதும் வாங்குவதும் குற்றம். கடைக்காரர் ஒளித்துக் கொடுக்கிறேன் என்றால் வாங்காதே. அத்திம்பேர் எங்கள் வீட்டில் பழையது இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றார். இல்லாவிட்டால் அது இல்லாமலே நடத்த வாத்தியார் சம்மதித்துவிட்டார்.

பிரம்மோபதேசம்தான் முக்கியம். பட்டு வஸ்திரத்தைப் போட்டு மூடினால் அதற்குள் அப்பா, அம்மா, பிள்ளை, சொல்லிக்கொடுக்க வாத்தியார், அவ்வளவுதான். காயத்ரியை முதலில் பாதம் பாதமாக, அப்புறம் பாதிப் பாதியாக, கடைசியில் முழுசாகச் சொல்லிக் கொடுப்பார்கள். குழந்தை ஒவ்வொரு தடவையும் திருப்பிச் சொல்ல வேண்டும். இதை அவசரப்படுத்தக் கூடாது. போட்டோக்காரர் பட்டுக்குள் கேமராவை நுழைப்பார், நாகஸ்வரக்காரர் கெட்டி மேளம் வாசித்துக்கொண்டே இருப்பார், குழந்தைக்கு அப்பா சொல்வது காதில் விழாது. மேளம் ஆரம்பத்தில் போதும், அப்புறம் நிறுத்தச் சொல். வெளியிலிருந்து ஒரு படம் எடுத்தால் போதாதா?

யார் யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டாயே. குழந்தையின் பள்ளிக்கூட நண்பர்களைத் தாராளமாக அழை. பட்டுக்குள் இருப்பது ஒன்றைத் தவிர மறைவாக எதுவும் இல்லை. பந்தியில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடட்டும், தனிப் பந்தி என்று யாராவது பேச்செடுத்தால் நீ காது கொடுக்காதே. அந்தப் பையன்களில் ஒருத்தன், ‘எனக்கும் போடலாமா?’ என்று கேட்டால் சிரித்து மழுப்பாமல் பதில் சொல். பாரதியார் புதுச்சேரியில் இருந்தபோது, ஒதுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த கனகலிங்கத்துக்குப் பூணூல் போட்டு காயத்ரியும் உபதேசித்தார். கனகலிங்கமே பிற்காலத்தில் அதையெல்லாம் ‘என் குருநாதர் பாரதியார்’ என்று புஸ்தகமாக எழுதினார். அன்றைக்கு ஊரில் எத்தனை பேர் முகம் சுளித்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்.

பூணூல் ஆன பிறகு என்ன என்பதுதான் உனக்குத் தெரிய வேண்டியது. உண்மையில் வேலை அன்றைக்குத்தான் ஆரம்பம். பழைய முறைப்படி மூன்று நாள் உப்பும் காரமும் இல்லாமல் சாப்பிட்டு, இரண்டு வேளையும் சமிதாதானம் செய்து, நாலாம் நாள் புரச மரத்தடியில் பாலாச கர்மா செய்து விரதம் முடியும். இப்போது அன்றைக்கே எல்லாவற்றையும் சேர்த்து முடித்துவிடுகிறார்கள். சத்திரத்தைக் காலி செய்ய வேண்டும், ரெயிலைப் பிடிக்க வேண்டும். நீங்களோ லீவு போட்டு வருகிறீர்கள். நாலு நாள் என் வீட்டில் தங்கு, முறையாகச் செய்துவிடலாம். அந்த நாலு நாளில் சந்தியாவந்தனம் அத்திம்பேரோடு உட்கார்ந்து பாடமாகிவிடும். பூனாவில் உங்கள் வீட்டில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டால் கை அசைவு மட்டும் வரும், ஸ்வரம் வராது.

சந்தியாவந்தனம் மூன்று வேளை. அர்க்யம் காலையில் 3, உச்சியில் 2, மாலையில் 3. நேரம் தவறினால் அதற்குப் பிராயச்சித்தமாக இன்னொரு அர்க்யம் உண்டு. ஜபம் 108, 32, 64 என்று வழக்கம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக் காலையில் நூத்தியெட்டு வற்புறுத்தினால் ஒரு மாதத்தில் எல்லாமே நின்றுவிடும். முடியாத நாளில் பத்தாவது சொல்ல வேண்டும் என்று பெரியவர்கள் இடம் கொடுத்திருக்கிறார்கள். என் பெரியவனுக்கு முதல் வருஷம் காலை 28, மாலை 28 என்று வைத்தோம். மாத்யாஹ்னிகம் லீவு நாளில் மட்டும். இன்றைக்கு ஹாஸ்டலில் இருந்தும் விடவில்லை. பால்கனியில் கிழக்கு தெரிகிறதா என்று பார், பஞ்சபாத்திரமும் உத்தரணியும் அங்கேயே ஒரு அலமாரியில் இருக்கட்டும். பூஜை ரூமிலிருந்து எடுத்து வரச் சொன்னால் சோம்பல் வரும்.

சமிதாதானத்துக்கு அரச சமித்து நான் கட்டிக் கொடுத்து அனுப்புகிறேன். அடுக்குமாடியில் புகை எச்சரிக்கைக் கருவி அலறுமே என்றாய். சின்ன மண் அடுப்பில் வரட்டித் துண்டும் நெய்யும் வைத்தால் அவ்வளவு புகையாது. ஈரச் சமித்தைப் போட்டால்தான் கண்ணைக் கரிக்கும். வெயிலில் இரண்டு நாள் காய வை.

சாப்பாட்டு நேரத்தில் பரிசேஷணம் செய்ய வேண்டும், அடுத்தவர் எச்சிலைச் சாப்பிடக் கூடாது, தான் சாப்பிட்டதை இன்னொருத்தருக்குக் கொடுக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் டிபன் டப்பாவில் ஊரெல்லாம் கை விடுகிற பிள்ளைகள். அங்கே போய்ச் சண்டை பிடிக்காதே. டப்பாவைத் திறந்ததும் நண்பர்களுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு அப்புறம் தான் சாப்பிட ஆரம்பிக்கச் சொல், இரண்டும் நடக்கும். கழிவறைக்குப் போகும்போது பூணூலை வலது காதில் சுற்றிக்கொள்ளச் சொல். அதில் சாவியோ ஊக்கோ மாட்டக் கூடாது. விளையாட்டில் அறுந்தால் அழ வேண்டாம், வேறு ஒன்றை மந்திரத்தோடு போட்டுக்கொண்டு பழையதைக் கழற்ற வேண்டும். பழையதை முதலில் கழற்றக் கூடாது. அதற்காக நாலு பூணூல் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். ஆவணியில் தலை ஆவணி அவிட்டம் வரும், யஜுர் வேதக்காரர்களுக்குப் பௌர்ணமியன்று. மறுநாள் காயத்ரி ஜபம் 1008. அதற்கு இங்கே வந்துவிடு.

பெரியவர்களைக் கண்டால் நமஸ்காரம் செய்து அபிவாதனம் சொல்ல வேண்டும். பிரவரம், கோத்திரம், ஸூத்திரம், வேதம், பெயர் என்று வரிசையாக. இப்போதே மனப்பாடம் பண்ண வை. பெண்களுக்கு நமஸ்காரம் மட்டும்தான், அபிவாதனம் சொல்வதில்லை. தன் அம்மாவுக்குச் சொல்லலாம் என்கிறார்கள்.

இனி அம்மா விஷயம். உன் மாமியார் என்னவோ சொன்னாளாம், நீ சொல்லாமலே எனக்குத் தெரியும். அம்மாவும் தானாகவே, ‘நான் சமையல் கட்டில் இருந்துக்கறேன், மணை பக்கம் வர மாட்டேன்’ என்று ஆரம்பித்துவிட்டாள். அப்பா போன பிறகு என் பெரியவன் பூணூலில் அப்படித்தான் கடைசித் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தாள், யாரும் கூப்பிடவில்லை. நம் வாத்தியாரிடம் நான் இந்தத் தடவை நேராகவே கேட்டேன். பாலிகை தெளிப்பது, ஆரத்தி எடுப்பது சுமங்கலிகள் காரியம், அது வீட்டு வழக்கம், அதில் கை வைத்தால் உன் மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டாள், விட்டுவிடுவோம். ஆனால் பிக்ஷைக்கு அப்படிச் சொல்ல மந்திரத்திலும் இல்லை, ஸ்மிருதியிலும் இல்லை என்றார். மனு ஸ்மிருதியில் முதலில் பிக்ஷை கேட்க வேண்டியவர்கள் என்று சொல்லியிருப்பது தாய், சகோதரி, தாயின் உடன்பிறந்தவள், அல்லது இல்லை என்று சொல்லி அவனை அவமானப்படுத்தாத ஒருத்தி. சுமங்கலியாக இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

வரிசையைப் பார். முதலில் நீ. அடுத்து உன் பெண். ‘தம்பிக்கு மட்டும் ஏன் பூணூல், எனக்கு ஏன் இல்லை?’ என்று அவள் கேட்டதற்கு உன்னால் பதில் சொல்ல முடியவில்லை என்றாயே. என்னாலும் முடியாது. ஆனால் சகோதரி என்று அவளுக்கு ஒரு இடம் இருக்கிறது, அரிசிப் பாத்திரத்தை அவள் கையில் கொடு. மூன்றாவது இடம் பெரியம்மாவான எனக்கு. அந்த இடத்தை நான் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். இல்லை என்று அவனிடம் ஒருநாளும் சொல்லாத பாட்டி என்று பார்த்தாலும் அவளுக்குத்தான் அந்த இடம். நான் நாலாவதாக நிற்கிறேன்.

வாத்தியார் சம்மதம் என்றுவிட்டார். அன்றைக்குச் சபையில் உன் மாமியார் பேச்சை எடுத்தால் நான் பதில் சொல்வது சரியாக இருக்காது, நீ சொல்வதும் சரியாக இருக்காது. சொல்ல வேண்டியவர் உன் ஆத்துக்காரர். இந்த வாரமே அவரை உட்கார வைத்துப் பேசு. அவர் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, அப்புறம் நம் அம்மாவுக்குத் தானே போன் பண்ணி, ‘பிக்ஷைக்கு நீங்கள் வர வேண்டும்’ என்று கூப்பிடட்டும். நான் சொன்னால் அவள் கேட்க மாட்டாள், மாப்பிள்ளை கூப்பிட்டால் தட்ட மாட்டாள்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அக்கா